நெஞ்சு ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி: பயப்பட வேண்டுமா?

கேள்வி: (நெஞ்சு சி.டி. ஸ்கேன் படம் ஒன்று. அதில் ஒரு வெள்ளைப் புள்ளியைச் சுற்றிப் பேனாவால் வட்டம்.) இது சீரியஸா டாக்டர்?

பதில்: படத்தைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்குகிறதா? ஒரு முழு வாக்கியத்தை நடுவில் நிறுத்தி மூச்சு இழுக்காமல் சொல்லி முடிக்க முடிகிறதா? முடியவில்லை என்றாலோ, நேற்று வரை இல்லாத மூச்சுத்திணறல் இன்று வந்திருக்கிறது என்றாலோ, இதற்கு மேல் படிக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஸ்கேன் கையில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் கிளம்புங்கள்.

இதை முதலில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நெஞ்சில் உடனடி ஆபத்து இருக்கிறதா என்பதை ஸ்கேன் படத்தைவிட உங்கள் மூச்சு சீக்கிரம் சொல்லிவிடும். காலில் உண்டான ரத்தக்கட்டி நகர்ந்து போய் நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துக்கொள்வது உண்டு. மருந்து ஏற்றாமல் எடுத்த சாதாரண சி.டி.யில் அந்த அடைப்பு பெரும்பாலும் தெரியாது. படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நோயாளி நாற்காலியில் முன்னால் சாய்ந்து, கைகளை முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். இன்னொரு பக்கம், பார்த்ததும் பதறவைக்கும் பெரிய தழும்போடு பல வருடங்களாக நன்றாக நடமாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இருந்தால் பாருங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு, விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் ஓரிடத்தில் நிலைக்கும் வரை பொறுத்திருந்து படியுங்கள். மாட்டியதும் வருகிற முதல் எண்ணை நம்ப வேண்டாம். ஓய்வில் 94-க்கு மேல் நிலையாக இருந்தால் நல்லது. 92 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய்க்காக ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மட்டும் வழக்கமான எண்ணே குறைவாக இருக்கலாம். அவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைப் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் மூச்சு திணறினால் கிளம்பியே ஆக வேண்டும்.

மூச்சு சீராக இருக்கிறதா? சரி, இனி அந்தப் புள்ளிக்கு வருவோம்.

மூன்றே வார்த்தைகள்தான் எழுதியிருக்கிறீர்கள். எழுதாமல் விட்டது ‘புற்றுநோயா’ என்ற கேள்வி. நெஞ்சு ஸ்கேனில் பேனாவால் வட்டம் போடுகிற யாரும் அதை நினைக்காமல் போட மாட்டார்கள். அதனால் அதற்கே பதில் சொல்கிறேன். இந்தப் படத்தை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்கு மட்டுமல்ல, எந்த மருத்துவராலும் முடியாது. யாராவது பார்த்த உடனே சொன்னால் அவர் பேச்சை நம்பாதீர்கள்.

நெஞ்சு சி.டி. என்பது ஒரு படம் இல்லை. நெஞ்சை மேலிருந்து கீழ்வரை மெல்லிய அடுக்குகளாக எடுத்த படங்களின் தொகுப்பு அது. ஒரு மில்லிமீட்டர் அடுக்கு என்று வைத்துக்கொண்டால் முந்நூறு படங்கள் வரும். ஃபிலிமில் அச்சிட்டுத் தருவது அதில் கொஞ்சத்தை மட்டும்தான். அந்தக் கொஞ்சத்திலும் ஒரு கட்டத்தை நீங்கள் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். குறுக்கே டியூப்லைட்டின் கோடு ஒன்று ஓடுகிறது. யாருடைய படம், என்று எடுத்தது, என்ன வயது என்று எதுவும் இல்லை.

நுரையீரல் முழுக்க ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. தண்ணீர்க் குழாயைக் குறுக்கே வெட்டினால் வெட்டுமுகம் வட்டமாகத்தான் தெரியும். அதேபோல ஓர் அடுக்கில் வெட்டுப்பட்ட ரத்தக்குழாய் கச்சிதமான வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அது குழாயா, கட்டியா என்று பிரிக்க ஒரே வழி அடுத்தடுத்த அடுக்குகளை நகர்த்திப் பார்ப்பதுதான். நகர்த்தும்போது புள்ளி நீண்டு, கிளை பிரிந்து ஓடினால் அது ரத்தக்குழாய். சில அடுக்குகளில் மட்டும் தோன்றி, எதோடும் சேராமல் மறைந்துவிட்டால் அது ‘நாட்யூல்’, அதாவது சின்ன உருண்டை. ஒற்றைப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். வயது 52, புகைப் பழக்கம் கிடையாது. மூன்று வாரமாக இருமல், அதற்காக ஸ்கேன். உங்களைப் போலவே ஒரு புள்ளியை வட்டமிட்டுக் கொண்டுவந்தார். இரண்டு இரவுகளாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. குறுந்தகட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு நகர்த்தினோம். அவர் வட்டமிட்ட புள்ளி நான்காவது அடுக்கிலேயே இரண்டாகப் பிரிந்து ஓடியது, ரத்தக்குழாய்தான். ஆனால் அதற்குக் கீழே, வலது நுரையீரலின் அடிப்பகுதியில், 7 மில்லிமீட்டர் அளவில் உண்மையான நாட்யூல் ஒன்று இருந்தது. அவர் எடுத்த புகைப்படத்தில் அது இல்லவே இல்லை. புகைப்படத்தை மட்டும் பார்த்து ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்று யாராவது சொல்லியிருந்தால், வட்டத்துக்குள் இருந்ததைப் பொறுத்தவரை அது சரி. நெஞ்சைப் பொறுத்தவரை அது பாதிப் பதில்தான்.

சரி, 7 மில்லிமீட்டர் என்றால் என்ன செய்வது? ஃப்ளைஷ்னர் சங்கம் என்ற அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை உலகின் பல இடங்களிலும் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். தற்செயலாகத் தெரிந்த ஒரே ஒரு கெட்டியான நாட்யூல், புகைப்பழக்கம் போன்ற ஆபத்துக் காரணங்கள் இல்லாதவருக்கு, 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் வழக்கமாக மறு ஸ்கேன் தேவையில்லை. 6 முதல் 8 வரை என்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் இன்னொரு ஸ்கேன். 8-க்கு மேல் போனால்தான் மூன்று மாதத்தில் மறு ஸ்கேன், பெட் ஸ்கேன், சதைப் பரிசோதனை என்று யோசிக்கத் தொடங்குவோம். புகைப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கறாராக இருக்கும். 35 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பாருங்கள், வயதும் பழக்கமும் முந்தைய நோயும் தெரியாமல் அளவு மட்டும் தெரிந்தால்கூட முடிவு சொல்ல முடியாது.

அந்த நோயாளியின் விஷயத்தை முடித்துவைத்தது வேறொன்று. இரண்டரை வருடத்துக்கு முன் படியில் விழுந்தபோது நெஞ்சு ஸ்கேன் எடுத்தது அவருக்கு நினைவு வந்தது. மறுநாள் அலமாரியைக் கிளறி அந்தத் தகட்டைக் கொண்டுவந்தார். அதே இடத்தில் அதே நாட்யூல், 6.5 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் கூடிவிட்டதே என்று அவர் பதறினார். அளப்பதிலேயே அவ்வளவு வித்தியாசம் வரும். இரண்டு மில்லிமீட்டராவது கூடினால்தான் வளர்ந்திருக்கிறது என்று கணக்கில் எடுப்போம். கெட்டியான நாட்யூல் இரண்டு வருடம் வளராமல் இருந்தால் அதைப் பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடலாம். (மங்கலான கண்ணாடிபோல் தெரியும் வகை வேறு, அது மெதுவாக வளரக்கூடியது, அதைக் கூடுதல் வருடங்கள் கவனிக்க வேண்டும்.) இருமலுக்குக் காரணம் அவருடைய ரத்த அழுத்த மாத்திரை. மாற்றிக் கொடுத்தோம், சில வாரங்களில் நின்றது.

ரிப்போர்ட்டில் ‘ஃபைப்ராட்டிக் பேண்ட்’, ‘கால்சிஃபைடு கிரானுலோமா’ என்று இருந்து, அவற்றை இணையத்தில் தேடித்தான் பயந்திருக்கிறீர்கள் என்றால், தேடுவதை நிறுத்துங்கள். இவை பெரும்பாலும் எப்போதோ வந்து ஆறிப்போன தொற்றின் தழும்புகள். ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்று கடைசியில் எழுதியிருந்தால், நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர் பொருத்திப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று பொருள். ஸ்கேன் பார்த்தவர் எதையோ மறைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான். காத்திருக்கும் நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், மருந்துக்கடையில் கொடுத்தார்கள் என்று ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் விழுங்குகிறார்கள். லெவோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்து காசநோய்க் கிருமியைக் கொஞ்சம் அடக்கிவைக்கும், முழுக்க அழிக்காது. அப்போது சளிப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம், நோய் வாரக்கணக்கில் மறைந்திருந்து பரவும். ஸ்டீராய்டு சில வகைக் கட்டிகளைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும், பிறகு சதைப் பரிசோதனை செய்தாலும் தெளிவான முடிவு வராது. இரண்டும் தேவைப்படும் நோய்கள் இருக்கின்றன. ஆனால் நோய் எது என்று தெரிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் மருந்தின் பெயரையும் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைத்தால் பரிசோதனை முடிவுகளைத் தப்பாகப் படிக்க நேரும். ஸ்டீராய்டைப் பல வாரம் எடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்தவும் கூடாது.

இந்த வாரமே நெஞ்சுநோய் மருத்துவரைப் பாருங்கள். ஃபிலிமோடு குறுந்தகடும் எழுத்து ரிப்போர்ட்டும் வேண்டும். பழைய எக்ஸ்ரே, பழைய ஸ்கேன் எதுவாக இருந்தாலும், வயிற்றுக்காக எடுத்ததாக இருந்தாலும்கூட எடுத்துப் போங்கள். வயிற்று ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதியும் விழுந்திருக்கும். எதற்காக இந்த ஸ்கேனை எடுக்கச் சொன்னார்கள், இருமல் எத்தனை வாரம், மாலைக் காய்ச்சல் உண்டா, எடை குறைந்திருக்கிறதா, எவ்வளவு காலம் புகைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் சளியில் ரத்தம் வந்தால் குறித்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே போய்விடுங்கள்.