தம்பியின் ஆட்-ஆன் கார்டு, உங்கள் பில்: வட்டி யார் தலையில்?

"என் கிரெடிட் கார்டில் தம்பிக்கு ஒரு ஆட்-ஆன் கார்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போன பில்லில் என் செலவு 24,000, அவன் செலவு 36,000. கடைசித் தேதியன்று என் பங்கைக் கட்டிவிட்டேன். அவன் பத்து நாள் கழித்துத்தான் கட்டினான். அடுத்த பில்லில் 2,400 வட்டி வந்திருக்கிறது. பத்து நாளுக்கு இவ்வளவா? அவன் கார்டுக்கு வந்த வட்டியை வங்கி அவனிடம்தானே கேட்க வேண்டும்?"

வங்கி உங்களிடம்தான் கேட்கும். ஆட்-ஆன் கார்டில் தம்பியின் பெயர் அச்சாகியிருக்கும், எண்ணும் வேறாக இருக்கலாம். ஆனால் அதற்கென்று தனிக் கணக்கு கிடையாது. கணக்கு ஒன்று, லிமிட் ஒன்று, பில் ஒன்று. அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது. சில வங்கிகளின் ஒப்பந்தத்தில் ஆட்-ஆன் கார்டு வைத்திருப்பவரும் சேர்ந்தே பொறுப்பு என்று எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தாலும் உங்கள் பொறுப்பு குறையாது. "இதை நான் வாங்கவில்லை" என்று புகார் கொடுத்தாலும் எடுபடாது. நீங்கள் அனுமதித்த ஆள் வாங்கியதை வங்கி மோசடியாகப் பார்க்காது.

சரி, 2,400 எப்படி வந்தது? நீங்கள் 24,000 கட்டியபோது "என் பங்கு முடிந்தது" என்று நினைத்தீர்கள். வங்கியைப் பொறுத்தவரை பங்கு என்று எதுவும் இல்லை. 60,000 பில்லில் 24,000 வந்தது, பாக்கி நின்றது, அவ்வளவுதான். மினிமம் டியூவைவிட அதிகமாகவே கட்டியதால் தாமதக் கட்டணம் விழவில்லை. ஆனால் முழு பில்லையும் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை கிடைக்கும். முழுதாகக் கட்டாவிட்டால், பல வங்கிகளில் ஒவ்வொரு செலவுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் உரிய தேதியில் கட்டிய உங்கள் 24,000-க்கும் சேர்த்துத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டு வட்டி 36 சதவீதம் என்றால், ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ரூபாய் வட்டி. நீங்கள் 5-ஆம் தேதி வாங்கி, அடுத்த மாதம் 15-ஆம் தேதி கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். 24,000-க்கு 40 நாள், அதாவது 960. தம்பி 15-ஆம் தேதி வாங்கி, அடுத்த மாதம் 25-ஆம் தேதி கட்டியிருந்தால் அதுவும் 40 நாள். 36,000-க்கு 1,440. இரண்டும் சேர்ந்து 2,400. தம்பி மனதில் இருக்கும் கணக்கோ பத்து நாள் தாமதம், 360. சண்டை வருவதே இந்த இடைவெளியில்தான்.

உங்கள் இருவருக்குள் என் தீர்ப்பு இது: 2,400-ம் தம்பியுடையது. உங்கள் செலவுக்கு வந்த 960 கூட அவன் தாமதத்தால்தான் வந்தது. ஆனால் இதை நேரில் சொல்லி வாங்க வேண்டியது நீங்கள்தான். ஸ்டேட்மென்டில் கார்டு வாரியாகச் செலவைப் பிரித்துக் காட்டினாலும், வட்டியைப் பெரும்பாலும் பொதுக் கணக்கிலோ முதன்மைக் கார்டின் கீழோதான் போடுவார்கள். தம்பியின் கார்டு எண்ணுக்குக் கீழே உள்ள வரிகளை மட்டும் கூட்டி அவனிடம் கேட்டால், வட்டி உங்கள் தலையில் நின்றுவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். பாக்கி நின்ற நாட்களில் நீங்கள் புதிதாக ஏதாவது வாங்கியிருந்தால், அதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறியிருக்கலாம். அதனால் அடுத்த பில்லிலும் சிறு வட்டி வந்தால் அதுவும் இதே தாமதத்தின் வால்தான். அதையும் பார்த்துவிட்டு தம்பியோடு கணக்கை முடியுங்கள்.

இனிமேல் கடைசித் தேதிக்குள் மொத்தப் பில்லையும் நீங்களே கட்டிவிடுங்கள். தம்பி தன் 36,000-ஐ வங்கிக்குக் கட்ட வேண்டாம், உங்களுக்குத் தரட்டும். பில் வந்த அன்றே அவன் தொகையைச் சொல்லி, கடைசித் தேதிக்கு ஐந்து நாள் முன்பே கேட்டு வாங்குங்கள். அவன் வாங்கிய எதையாவது கடையில் திருப்பிக் கொடுத்து, அந்தப் பணம் பில் போட்ட பிறகு கணக்கில் வந்தால், அது கட்ட வேண்டிய தொகையில் கழிந்திருக்கிறதா என்று வங்கியிடம் கேட்டுக்கொண்டு கட்டுங்கள்.

மொத்தத்தையும் நீங்களே கட்டும் அளவுக்குக் கையில் பணம் இருக்காது என்றால், ஆட்-ஆன் கார்டுக்குத் தனி உச்சவரம்பு வைக்கச் சொல்லுங்கள். பல வங்கிகளில் ஆப்பிலேயே மாற்றலாம். அவன் ஒரு மாதம் தராவிட்டாலும் உங்களால் சமாளிக்க முடிகிற தொகையாக அது இருக்கட்டும். பில் பாக்கி நின்றால் கடன் வரலாற்றில் கெட்டுப்போவது முதலில் உங்கள் பெயர். கார்டையே நிறுத்துவதாக இருந்தால், அதில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களை தம்பி முதலில் ரத்து செய்யட்டும். நிறுத்தும் நாள்வரை அவன் செய்த செலவு உங்கள் பில்லில் வரத்தான் செய்யும்.