கறி, முட்டை, இறால்: சித்திரையில் வாங்கலாமா?

கேள்வி: சித்திரை பிறந்ததும் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி, முட்டை, இறால் மூன்றுக்கும் தடா போட்டுவிட்டார் மாமியார். மூன்றும் சூடாம். போன ஞாயிறு அவர் சொல்லையும் மீறி உப்புக்கறி, இறால் தொக்கு, அவித்த முட்டை என்று சமைத்தேன். சாயங்காலமே எனக்கு நீர்க்கடுப்பு. ஏழு வயது மகனுக்கு உடம்பெல்லாம் தடித்து அரித்தது, உதடும் லேசாக வீங்கியது. "பார்த்தியா, சூடு கிளம்பிடுச்சு" என்கிறார். முட்டைக் கடைக்காரரோ நாட்டுக்கோழி முட்டை சூடு செய்யாது என்று இரட்டை விலை கேட்கிறார். எதை வாங்குவது, எதை விடுவது?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் பையன் விஷயம். அது சூடு இல்லை, ஒவ்வாமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, அரிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி வந்தால் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு இலையில் இருந்தவற்றில் முதல் சந்தேகம் இறால் மேல். இறாலில் ட்ரோப்போமயோசின் என்று ஒரு புரதம் உண்டு. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதன் குணம் மாறாது, அதனால் நன்றாக வெந்த இறாலும் ஒத்துக்கொள்ளாது. நண்டிலும் ஏறக்குறைய அதே புரதம் இருப்பதால் அதையும் நிறுத்துங்கள். மீனில் உள்ளது வேறு புரதம். இதுவரை மீன் ஒத்துக்கொண்டிருந்தால் விட வேண்டியதில்லை. முட்டையும் ஒவ்வாமை தரக்கூடியதுதான். ஆனால் இத்தனை வருடம் முட்டை தின்று ஒன்றும் ஆகாத பிள்ளை என்றால் சந்தேகம் குறைவு. "கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம்" என்று வீட்டில் சோதிக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டிப் பரிசோதனை செய்த பிறகே முடிவு. அடுத்த முறை மூச்சு இரைத்தாலோ, தொண்டை அடைத்தாலோ மோரும் இளநீரும் கொடுத்துக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சூடு என்று பேர் வைப்பதில் உள்ள பெரிய ஆபத்து, இந்தத் தாமதம்தான்.

இனி சூட்டுக்கு வருவோம். மாமியார் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. எதைச் சாப்பிட்டாலும் அதைச் செரிக்க உடம்பு கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கும், அது வெப்பமாக வெளியேறும். புரதத்தில் கிடைக்கும் சக்தியில் 20 முதல் 30 சதவீதம் இப்படிப் போகிறது. மாவுச்சத்தில் 5 முதல் 10 சதவீதம், கொழுப்பில் 3 சதவீதத்துக்குள். இந்த வகையில் கறி, சோற்றைவிடச் சூடுதான்.

எவ்வளவு சூடு என்று உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டையே வைத்துக் கணக்குப் போடலாம். எலும்பில்லாத கறி 150 கிராம், உரித்த இறால் 100 கிராம், ஒரு முட்டை என்று வைத்தால் புரதம் முறையே 30, 20, 6 கிராம். மொத்தம் 56 கிராம், அதாவது சுமார் 225 கலோரி. அதில் வெப்பமாவது 45 முதல் 65 கலோரி, அதுவும் ஐந்தாறு மணி நேரத்தில் பிரிந்து வரும். மணிக்குப் பத்து கலோரி சுமார். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் உடம்பே மணிக்கு 60, 70 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கலோரி போய்விடும் என்பதால், இந்த உபரி வெப்பத்தைத் தணிக்க ஒரு சின்ன டம்ளர் வியர்வை போதும். கூடவே 150 கிராம் அரிசியை வடித்த சோறு சாப்பிட்டிருந்தால் அதுவும் தன் பங்குக்கு 25 முதல் 45 கலோரி வெப்பம் தந்திருக்கும். சோற்றை யாரும் சூடு என்று ஒதுக்குவதில்லை! சந்தேகமிருந்தால் சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதே அரிது.

பிறகு ஏன் காந்துகிறது? நம் ஊர்ச் சமையலை நினைத்துப் பாருங்கள். உப்புக்கறியில் கறிக்கு அடுத்தபடி காய்ந்த மிளகாய்தான் ராஜா. மிளகாயின் காப்சைசின், வாயிலும் குடலிலும் உள்ள வெப்பத்தை உணரும் நரம்பு வாயில்களையே தட்டித் திறந்துவிடும். சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கிற வாயில் அது. அதனால் மூளைக்குப் போகும் செய்தி 'சுடுகிறது' என்பதுதான். நெற்றி வியர்ப்பதும், மறுநாள் காலையில் எரிவதும் அதன் வேலை. மிளகிலும் இதே தன்மை உண்டு, வேகம் குறைவு. ஆட்டுக்கொழுப்பு சேர்ந்தால் இரைப்பை காலியாக நேரமாகும். மந்தமும் நெஞ்செரிச்சலும் அதிலிருந்து வருபவை.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அரைக் கிலோ கறியை வாங்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வழக்கம்போல் உப்புக்கறியாக்குங்கள். மறு பாதியைக் கொழுப்பு நீக்கி, இஞ்சி, மஞ்சள், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பால் மட்டும் போட்டு மிளகாய் இல்லாமல் செய்யுங்கள். வேறு வேறு வாரத்தில், அதே அளவு, அதே நேரத்தில் சாப்பிட்டுப் பாருங்கள். காந்தல் முதலாவதில் மட்டும் வந்தால் ஆட்டின் மேல் பழி போட வேண்டியதில்லை.

நீர்க்கடுப்புக்குக் காரணம் வேறு. புரதம் செரித்தபின் உண்டாகும் யூரியாவையும், குழம்பிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் சேர்ந்த உப்பையும் சிறுநீரகம் தண்ணீரோடுதான் வெளியேற்ற முடியும். சித்திரை வெயிலில் உடம்புத் தண்ணீர் வியர்வையாகவே போய்விடுகிறது. மிச்சமிருப்பது அடர்ந்து, மஞ்சளாகி, போகும்போது எரிகிறது. கறி சாப்பிடும் நாளில் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும்வரை தண்ணீர் குடியுங்கள், அன்றைக்கு ஊறுகாயை விடுங்கள். பெரிய சாப்பாட்டை உச்சி வெயிலில் வைக்காமல் இரவுக்குத் தள்ளலாம். இந்த ஒரு விஷயத்தில் மாமியார் கட்சி நியாயமானதே. நன்றாகத் தண்ணீர் குடித்தும் இரண்டு நாளில் கடுப்பு அடங்கவில்லை, அல்லது காய்ச்சலும் முதுகுவலியும் சேர்கிறது என்றால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

பெரியவர்களுக்கு இறால் வாங்குவதில் தடையில்லை, ஆனால் வெயில்காலத்தில் பார்த்து வாங்க வேண்டும். தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் சரக்கு வண்டியில் ஐஸ் குறைந்தால் காரைக்குடி வருவதற்குள் கெட ஆரம்பித்துவிடும். வயிற்றுப்போக்கு வந்த பிறகு அதற்கும் சூடு என்றே பேர் விழும். தலை உடலோடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். தலையைத் தொட்டதும் கழன்றாலோ, மேலே வழுவழுப்பு இருந்தாலோ, நவச்சார நெடி அடித்தாலோ வேண்டாம். ஓட்டில் கருப்புப் புள்ளி விழுந்தது கெட்டது என்று அர்த்தமில்லை, பிடித்து நேரமாகிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் உறைந்த இறால் பாக்கெட்டில் ஐஎன்எஸ் 223 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கருக்காமலிருக்கச் சேர்க்கும் சல்பைட் அது, சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். தலையும் ஓடும் போனால் ஒரு கிலோவில் சதை கிட்டத்தட்ட பாதிதான் தேறும் என்பதையும் விலையோடு சேர்த்து யோசியுங்கள்.

முட்டைக்கு இரட்டை விலை கொடுக்காதீர்கள். ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது, மஞ்சள் கருவின் நிறம் அது தின்ற தீனியைப் பொறுத்தது. புரதம் இரண்டிலும் கிராமுக்குக் கிராம் ஏறத்தாழ ஒன்றே. நாட்டுக்கோழி முட்டை பொதுவாகச் சிறியது என்பதால் அதே காசுக்குப் புரதம் இன்னும் குறையும். ருசிக்காக வாங்குவது உங்கள் விருப்பம். கடையில் வெயில் படுகிற தட்டில் அடுக்கியிருந்தால் நாட்டு முட்டையானாலும் பண்ணை முட்டையானாலும் எடுக்காதீர்கள், விரிசல் விட்டதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.