ஸ்கேன் நார்மல் என்று வந்த பிறகும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்க முடியுமா?

கேள்வி: என் தங்கைக்கு 22 வயது, கல்யாணம் ஆகவில்லை. மாதா மாதம் பீரியட்ஸ் வலியில் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிடுகிறாள். ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்கிறார்கள். இது எண்டோமெட்ரியோசிஸாக இருக்குமா? இதைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு வருடங்கள் ஆகிறது?

பதில்:

இருக்கலாம். நார்மல் என்று வந்த அந்த ஸ்கேன், இந்த நோய் இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. நான் டாக்டர் இல்லை, பல வருடம் இதே வலியோடு அலைந்து கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டவள், அந்த அனுபவத்திலும் அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்ததிலும் இருந்து எழுதுகிறேன்.

கர்ப்பப்பையின் உள்பக்கம் மாதா மாதம் வளர்ந்து உதிர்கிற ஜவ்வு இருக்கிறதல்லவா, அதே மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ வயிற்றின் உள்சவ்விலோ மலக்குடலுக்கு முன்னாலோ ஒட்டி வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். இதுவும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு ஆடும். ஆனால் வெளியேற வழி கிடையாது. அதனால் அந்த இடத்தில் அழற்சி வந்து, தழும்பு விழுந்து, நாளடைவில் பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிக்கொள்ளும். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆக இது அபூர்வ வியாதி இல்லை.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்று கேட்டால், இந்த நோய்க்குப் பல வடிவம் உண்டு. சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியாக நிற்பது ஒன்று. சாக்லேட் சிஸ்ட் என்பார்கள், உள்ளே இருப்பது அந்த நிறம். இது ஸ்கேனில் நன்றாகவே தெரியும். இரண்டாவது, கர்ப்பப்பையைப் பின்னால் தாங்கும் தசைநார், குடல், மூத்திரப்பை ஆகியவற்றுக்குள் ஆழமாக ஊடுருவி முடிச்சுப் போல நிற்பது. இது பழகிய கண்ணுக்கு, சரியான ஸ்கேனில் தெரியும். மூன்றாவது, உள்சவ்வின் மேல் சில மில்லிமீட்டர் அளவில் படிந்திருக்கும் புள்ளிகள். சின்ன வயதுப் பெண்களிடம் அதிகம் இருப்பது இதுதான், சாதாரண ஸ்கேனில் இது தெரியவே தெரியாது. எம்.ஆர்.ஐ.யிலும் பெரும்பாலும் தப்பிவிடும். இதில் ஒரு கொடுமை, வலியின் அளவுக்கும் நோயின் பரப்புக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. சில புள்ளிகள் மட்டும் உள்ளவள் மயங்கி விழுவாள், இரண்டு பக்கமும் சிஸ்ட் உள்ளவள் ஒன்றுமே தெரியாமல் ஆபீஸ் போய் வருவாள்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். ஸ்கேன் சென்டரில் படுத்ததும் முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை என்றால், தண்ணீர் குடிக்கச் சொல்லி மூத்திரப்பை நிறைந்ததும் வயிற்றின் மேலாகப் பார்க்கும் ஸ்கேனோடு முடித்துவிடுவார்கள். ஆழமான முடிச்சுகளையும், கர்ப்பப்பையும் குடலும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகர்கிறதா அல்லது ஒட்டிப் போய்விட்டதா என்பதையும் பார்க்க பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் டி.வி.எஸ். ஸ்கேன் வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அதைச் செய்யத் தயங்குவது புரிகிறது. ஆனால் எழுதித் தரும் ரிப்போர்ட்டில் "வயிற்றின் மேலாக மட்டும் பார்த்தோம், இன்னின்னதைப் பார்க்க முடியவில்லை" என்று யாரும் விளக்குவதில்லை, கர்ப்பப்பை, சினைப்பை நார்மல் என்று ஒரு வரி வரும், வீட்டில் அதைப் படித்துவிட்டு "உனக்கு ஒண்ணும் இல்லையாம்" என்று முடித்துவிடுவார்கள். உங்கள் தங்கையின் ரிப்போர்ட்டை எடுத்து, எந்த வழியாகச் செய்த ஸ்கேன் என்று முதலில் பாருங்கள். வலி கடுமையாக இருந்து டி.வி.எஸ். முடியாது என்றால், இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சில இடங்களில் மலத்துவாரம் வழியாகவும் ஸ்கேன் செய்வார்கள்.

என் கதையைச் சொன்னால் தாமதம் எங்கெங்கே நடக்கிறது என்று புரியும். பள்ளியிலேயே ஆரம்பித்த வலி. அம்மாவும் சித்தியும் "எங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, போகப் போக சரியாயிடும்" என்றார்கள். வெந்தயம், வெந்நீர்ப் பை, பாராசிட்டமால். பின்னால் புரிந்தது, அம்மாவுக்கும் சித்திக்கும் இருந்ததே ஒரு துப்பு. இது குடும்பத்தில் ஓடும் நோய். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆக எதைக் காட்டி "இது சகஜம்" என்றார்களோ, அதுவேதான் சந்தேகப்பட வேண்டிய காரணம்.

கல்லூரிக்கு வந்ததும் வேறொரு தொல்லை சேர்ந்தது. பீரியட்ஸ் நாட்களில் மலம் கழிக்கும்போது கத்தியால் குத்துவது போல வலி, வயிறு உப்பிக்கொள்ளும், ஒரு நாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல். இதை யாரிடம் சொல்வது? வயிறு என்பதால் குடல் டாக்டரிடம் போனோம். ஐ.பி.எஸ்., அதாவது குடல் எரிச்சல் நோய் என்று மாத்திரை எழுதினார். "எந்தத் தேதிகளில் வருகிறது?" என்று அவர் கேட்கவில்லை, நானும் பீரியட்ஸையும் இதையும் சேர்த்துச் சொல்லவில்லை, கூச்சம். பக்கத்தில் இருந்தது அப்பா வேறு. இந்த நோய் குடல் நோய் மாதிரியும் மூத்திரத் தொற்று மாதிரியும் வேஷம் போடும். காலண்டரோடு ஒப்பிட்டால்தான் வேஷம் கலையும்.

மகப்பேறு மருத்துவரிடம் போனபோது வயிற்றின் மேலாக ஸ்கேன், நார்மல். "கல்யாணம் பண்ணுங்க, ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்றார். இதைப் பல பெண்கள் கேட்டிருப்பீர்கள். கர்ப்ப காலத்தில் பீரியட்ஸ் நின்றுபோவதால் சிலருக்கு வலி அடங்கும், அவ்வளவுதான், அது சிகிச்சை ஆகாது. பலருக்குப் பிறகு திரும்பி வரும். இந்த நோயே குழந்தை தரிப்பதைக் கடினமாக்கும் என்பது இதில் உள்ள முரண்.

கல்யாணமாகிக் குழந்தை தங்காமல் சிகிச்சைக்குப் போன இடத்தில்தான் முதல் டி.வி.எஸ். இடது சினைப்பையில் நான்கு சென்டிமீட்டர் சாக்லேட் சிஸ்ட், சினைப்பை கர்ப்பப்பையின் முதுகில் ஒட்டியிருந்தது. வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபியில் பார்த்தபோது பின்னால் இருக்கும் தசைநாரில் ஒரு முடிச்சும் இருந்தது, மலம் கழிக்கும்போது வந்த வலிக்கு அதுதான் காரணம் என்றார்கள். பழைய ஸ்கேன் எடுத்தவர் தப்பாகப் பார்த்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அப்போது சிஸ்ட் இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்த ரிப்போர்ட்டால் சொல்ல முடியாத ஒன்றை அது சொன்னதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அதுதான் விஷயம். பல நாடுகளின் ஆய்வுகளைப் பார்த்தாலும் வலி தொடங்கியதிலிருந்து பெயர் தெரிய நான்கு முதல் பத்து வருடம் வரை ஆவதாகத்தான் வருகிறது.

இன்னொரு காரணம், உள்ளே கேமரா விட்டு லேப்ராஸ்கோபி செய்து, திசுவை எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதி என்று ரொம்ப காலம் வைத்திருந்தார்கள். 22 வயதுப் பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் துளை போட எந்த டாக்டரும் அவசரப்பட மாட்டார், எந்த அம்மாவும் சம்மதிக்க மாட்டார். அதனால் பெயரும் கிடைக்காது, சிகிச்சையும் தொடங்காது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ அமைப்பான எஷ்ரே 2022 இல் வெளியிட்ட வழிகாட்டியில் இது மாறிவிட்டது. அறிகுறிகள் பொருந்தினால், ஸ்கேன் நார்மலாக இருந்தாலும், சந்தேகத்தின் பேரிலேயே ஹார்மோன் சிகிச்சை தொடங்கலாம். அதில் பலன் இல்லாவிட்டாலோ அது ஒத்துக்கொள்ளாவிட்டாலோ லேப்ராஸ்கோபியைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் தங்கைக்கு இதுதான் முக்கியம்.

அந்த ஹார்மோன் சிகிச்சை என்பது பெரும்பாலும் கருத்தடை மாத்திரை, அல்லது தினமும் 2 மில்லிகிராம் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை. "கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இந்த மாத்திரையா?" என்று வீட்டில் ஒரு பூகம்பம் வரும், தயாராக இருங்கள். குழந்தை பிறக்காமல் போகும் என்று பயப்பட வேண்டாம், நிறுத்தினால் சுழற்சி திரும்பிவிடும். ஆனால் டைனோஜெஸ்டில் தொடக்க மாதங்களில் அவ்வப்போது ரத்தம் படும், சிலருக்கு மனசு சோர்ந்துபோகும், இதைச் சொல்லாமல் கொடுப்பதால் பலர் சீக்கிரமே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய மூன்று மாதமாவது வேண்டும். தங்கைக்குக் கண்முன் மினுமினுப்போடு ஒற்றைத் தலைவலி வருமென்றாலோ, குடும்பத்தில் ரத்தம் உறைந்த கதை இருந்தாலோ கருத்தடை மாத்திரைக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். இவை நோயை வேரோடு எடுக்காது, அடக்கி வைக்கும். மாத்திரையில் வலி குறைந்தது என்பதாலேயே இந்த நோய்தான் என்று நிரூபணமும் ஆகிவிடாது, சாதாரண பீரியட்ஸ் வலியும் இதில் குறையும்.

சாதாரண வலியிலிருந்து பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சாதாரண வலி ரத்தம் வரும்போதோ சற்று முன்போ தொடங்கி இரண்டு மூன்று நாளில் ஓய்ந்துவிடும், மெஃபெனமிக் ஆசிட் மாதிரி மாத்திரைக்கு அடங்கும், வயது ஏற ஏறக் குறையும். எண்டோமெட்ரியோசிஸ் வலி பல நாள் முன்பே தொடங்கும், வருடத்துக்கு வருடம் ஏறும், மாத்திரைக்கு மசியாது, பின்னால் பீரியட்ஸ் இல்லாத நாட்களிலும் வரும். டீன் ஏஜில் இந்தக் கோடு இவ்வளவு தெளிவாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தேதி, ரத்தப்போக்கு உண்டா இல்லையா, வலி பத்துக்கு எத்தனை, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, குறைந்ததா, மலம் அல்லது சிறுநீர் கழிக்கும்போது வலித்ததா, வாந்தி, காலேஜுக்கு லீவா. வெறுமனே "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்றால் ஒரு ஊசியோடு அனுப்பிவிடுவார்கள், அந்த நோட்டை மேஜையில் வைத்தால் பேச்சே மாறும். அம்மாவைத் தவிர வேறு யாரையும் உள்ளே கூட்டிப்போகாமல், "எண்டோமெட்ரியோசிஸாக இருக்குமோ என்று சந்தேகம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று நேராகவே கேட்கட்டும். லேப்ராஸ்கோபி செய்யும் அனுபவமுள்ள மகப்பேறு மருத்துவராக இருந்தால் நல்லது. சி.ஏ.-125 என்ற ரத்தப் பரிசோதனையை யாராவது எழுதினால், அது இந்த நோயைக் கண்டுபிடிக்க நம்பகமானது அல்ல, அதன் முடிவைப் பார்த்துக் கேன்சர் என்று பயந்துவிடாதீர்கள்.

திடீரென்று ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலியோ, வலியோடு காய்ச்சல் அல்லது மயக்கமோ வந்தால் நோட்டெல்லாம் அப்புறம், சிஸ்ட் முறுக்கிக்கொண்டோ வெடித்தோ இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.