68 மதிப்பெண்ணுக்குக் காரணம் எங்கே? டெண்டர் குழுவின் மினிட்ஸ் எழுதும் முறை

*கேள்வி: தண்டையார்பேட்டையில் மாநில அரசுப் பொதுத்துறை அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். டெண்டர் மதிப்பீட்டுக் குழுவின் மினிட்ஸ் எழுதுவது என் பொறுப்பு. மதிப்பெண் அட்டவணையைப் போட்டு, ‘குழு விரிவாக விவாதித்து முடிவு செய்தது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். போன தணிக்கையில், ஒரு நிறுவனத்துக்கு ஏன் 68 மட்டும் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். கோப்பில் பதில் இல்லை. எப்படி எழுதினால் நிற்கும்? பழைய மினிட்ஸில் காரணங்களை இப்போது சேர்க்கலாமா?*

தணிக்கைக்கு வருகிறவர் முதலில் தேடுவது ஜெயித்த நிறுவனத்தை அல்ல, மயிரிழையில் விழுந்த நிறுவனத்தை. இரண்டு உறை முறையில் தகுதி மதிப்பெண் 70 என்றால், 68 வாங்கியவரின் விலை உறை பிரிக்கப்படாது. அவர் விலை குறைவாகக் கேட்டிருந்தாரா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. அதனால் அந்த இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்பதுதான் தணிக்கையின் முதல் கேள்வி. உங்களிடம் கேட்டதும் அதைத்தான்.

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். எண்கள் நான் போட்டவை. கடற்காற்றில் நொறுங்கிப்போன பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலைக்கு டெண்டர். முன் அனுபவம் 30, பணியாளர்கள் 20, கருவிகள் 15, வேலை முறை 25, மாதிரி செய்து காட்டுதல் 10 என மொத்தம் 100. குழுவில் மூன்று பேர். மூவர் போட்டதன் சராசரிதான் இறுதி மதிப்பெண் என்று டெண்டர் ஆவணமே சொல்கிறது. ‘இ’ என்ற நிறுவனம் 20, 16, 12, 13, 7 வாங்கி 68இல் நிற்கிறது.

உங்கள் வழக்கப்படி எழுதினால் இந்த ஐந்து எண்களும் கீழே ‘விரிவாக விவாதித்து’ என்ற வரியும்தான் இருக்கும். வேலை முறைக்கு 25இல் 13 ஏன் என்று கேட்டால், ‘திருப்திகரமாக இல்லை’ என்பார்கள். அது காரணம் இல்லை, 13ஐ வேறு சொல்லில் சொன்னது. காரணம் என்றால் நான்கு விஷயங்கள் வரிசையாக வர வேண்டும்: டெண்டர் ஆவணம் என்ன கேட்டது, நிறுவனம் எந்தப் பக்கத்தில் என்ன கொடுத்தது, அதில் எது குறைந்தது, அதனால் எத்தனை மதிப்பெண். எழுதிக் காட்டுகிறேன்:

> ‘வேலை முறை: டெண்டர் ஆவணப்படி நொறுங்கும் தாளைக் கையாளுதல் 5, ஸ்கேன் செய்யும் படிகள் 7, தரச் சோதனை 8, பேக்கப்பும் பாதுகாப்பும் 5. நிறுவனம் இ பக்கம் 41 முதல் 46 வரை விவரம் தந்துள்ளது. தரச் சோதனை பற்றிப் பக்கம் 43இல் “தரம் சரிபார்க்கப்படும்” என்ற ஒரு வரி மட்டும் உள்ளது. யார் சோதிப்பார், எத்தனை பக்கத்துக்கு ஒன்று, பிழை வந்தால் மறு ஸ்கேன் எப்படி என்று ஆவணம் கேட்ட மூன்றும் இல்லை. எனவே 8க்கு 1.’

இதைப் படிக்கிறவர் பக்கம் 43ஐப் புரட்டி உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம். குழுவின் முடிவோடு அவர் உடன்படாமலும் போகலாம், ஆனால் முடிவு எப்படி வந்தது என்று கேட்க முடியாது. எல்லா நிறுவனத்துக்கும் எல்லாத் தலைப்புக்கும் இவ்வளவு நீளம் தேவையில்லை. முழு மதிப்பெண் கொடுத்த இடத்தில் ஒரு வரி போதும். வெட்டிய இடத்திலும், தகுதி எல்லைக்கு அருகே நிற்கும் நிறுவனத்திலும் தாராளமாக எழுதுங்கள்.

இந்த 8, 7, 5 என்ற பிரிப்பு டெண்டர் ஆவணத்திலேயே இருந்தால்தான் நிம்மதி. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998இன் 10ஆவது பிரிவு, அளந்து பார்க்கக்கூடிய காரணிகளும் அவற்றின் எடையும் டெண்டர் ஆவணத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. வெறுமே ‘வேலை முறை 25’ என்று விட்டிருந்தால், டெண்டர் போடக் கடைசி நாளுக்கு முன்பே திருத்தம் வெளியிட்டு எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். உறையைப் பிரித்த பிறகு உட்பிரிவு போட்டால், யாருக்கோ தோதாகப் போட்டதாகத்தான் படும். குழு நேர்மையாகவே போட்டிருந்தாலும் அதைக் காட்ட வழியிருக்காது.

அடுத்தது, பெரும்பாலான கோப்புகளில் காணாமல் போகும் விஷயம்: மாறிய மதிப்பெண். நம் மாதிரியில் ‘இ’யின் வேலை முறைக்கு மூன்று உறுப்பினரும் தனித்தனியாக முதலில் போட்டது 20, 12, 13. சராசரி 15. அப்படியே விட்டிருந்தால் ‘இ’ சரியாக 70 வாங்கித் தேறியிருக்கும். விவாதத்தில் முதல் உறுப்பினர் தன் 20ஐ 14 ஆக்கினார். சராசரி 13 ஆனது, மொத்தம் 68 ஆனது, நிறுவனம் வெளியே போனது.

இதை மறைக்க வேண்டும் என்றுதான் பல அலுவலகங்களில் கை போகிறது. முதல் தாளைக் கிழித்துவிட்டு, மூவரும் ஆரம்பத்திலிருந்தே ஒரே மாதிரி போட்டதாகப் புதுத் தாள் தயாராகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழு என்று ஒன்று இருப்பதே விவாதித்துத் திருத்திக்கொள்ளத்தான். மதிப்பெண் மாறுவது தப்பே இல்லை, மாறியதற்குத் தடயம் இல்லாததுதான் தப்பு. கிழித்த தாளின் நகல் ஒன்று எங்கிருந்தாவது வெளியே வந்தால், சாதாரணத் தணிக்கைக் கேள்வி விஜிலென்ஸ் விசாரணையாகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். விவாதத்துக்கு முன்பே ஒவ்வொரு உறுப்பினரும் தன் மதிப்பெண் தாளை நிரப்பி, தேதி, நேரத்தோடு கையெழுத்துப் போட்டு உங்களிடம் தரட்டும். மாற்றம் வந்தால் அந்தத் தாளில் கை வைக்காமல் மினிட்ஸில் எழுதுங்கள்: ‘உறுப்பினர் 1 தரச் சோதனைக்கு முதலில் 7 கொடுத்திருந்தார். பக்கம் 46இல் உள்ள அட்டவணையைத் தரச் சோதனைத் திட்டமாக எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். அது பேக்கப் எடுக்கும் கால அட்டவணை என்று உறுப்பினர் 3 சுட்டிக்காட்ட, பக்கத்தை மூவரும் சேர்ந்து படித்தனர். உறுப்பினர் 1 தன் மதிப்பெண்ணை 1 ஆகத் திருத்தினார். இத்திருத்தத்தால் நிறுவனம் இ தகுதி மதிப்பெண்ணுக்குக் கீழே செல்வதைக் குழு அறிந்து, மற்ற நிறுவனங்களின் தரச் சோதனைப் பகுதியையும் இதே முறையில் மறுபடி பார்த்தது. அவற்றில் மாற்றமில்லை.’

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். ஒருவரை மட்டும் மறுபடி பார்த்துக் குறைத்தால் அது குறிவைத்தது போல இருக்கும். எல்லோரையும் ஒரே கண்ணால் பார்த்ததாக எழுதுவதற்கு, உண்மையிலேயே பார்த்திருக்கவும் வேண்டும். ஒரு உறுப்பினர் மாற்ற மறுத்தால் அவர் போட்டதே நிற்கட்டும், அவர் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள். மாற்றுக்கருத்து பதிவான மினிட்ஸைத் தணிக்கை சந்தேகப்படுவதில்லை.

முன் அனுபவத்தில் போன 10 மதிப்பெண்ணையும் பார்த்துவிடலாம். 5 லட்சம் பக்கத்துக்கு மேல் முடித்த ஒவ்வொரு வேலைக்கும் 10 என்பது நிபந்தனை. ‘இ’ மூன்று வேலை காட்டியது, ஒன்றுக்கு வேலை உத்தரவு மட்டுமே இருந்தது, முடித்த சான்று இல்லை. அதனால் 20. இதில் தப்பில்லை. ஆனால் ‘ஆ’ நிறுவனத்தின் சான்றில் பக்க எண்ணிக்கை இல்லாதபோது குழு கடிதம் எழுதி விளக்கம் கேட்டு 10 கொடுத்திருந்தது. அப்போது, ஆவிடம் கேட்டீர்களே, இயிடம் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி கட்டாயம் வரும்.

பதில் இருக்கிறது. ‘ஆ’ கொடுத்த சான்றைப் பற்றித்தான் விளக்கம் கேட்கப்பட்டது. ‘இ’ அந்தச் சான்றைக் கொடுக்கவே இல்லை, அதை வாங்கினால் புது ஆவணத்தை ஏற்றதாகிவிடும். விடுபட்ட பழைய ஆவணத்தைக் கேட்டு வாங்கலாம் என்று உங்கள் டெண்டர் நிபந்தனை அனுமதித்தால் கதை வேறு. அப்போது இருவரிடமும் கேட்டிருக்க வேண்டும். எந்த நிபந்தனைப்படி ஒருவரைக் கேட்டோம், இன்னொருவரைக் கேட்கவில்லை என்பதை அன்றைக்கே இரண்டு வரியில் எழுதுங்கள். மூன்று வருடம் கழித்து இந்த வித்தியாசம் யாருக்கும் நினைவிருக்காது.

அப்புறம் நேரம். தொழில்நுட்ப மதிப்பீட்டின் மினிட்ஸில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விலை உறை பிரிக்கப்பட வேண்டும். tntenders.gov.in தளத்தில் எந்த உறை எப்போது திறக்கப்பட்டது என்பது தானாகப் பதிவாகிவிடும். கையெழுத்துத் தேதி அதற்குப் பின்னால் இருந்தால், விலையைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டதாகத்தான் அர்த்தமாகும். நீங்கள் எழுதிய மற்ற காரணங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் தாங்காது. உறுப்பினர் ஊரில் இல்லை, வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அவர் கையெழுத்து வரும்வரை விலை உறை காத்திருக்கட்டும்.

இந்தக் காரணங்கள் தணிக்கைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மற்ற டெண்டர்கள் ஏன் நிராகரிக்கப்பட்டன என்பதை டெண்டர் புல்லட்டினுக்கு அனுப்ப வேண்டும் என்று அதே 10ஆவது பிரிவு சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் 11ஆவது பிரிவின்படி 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் மினிட்ஸில் இருப்பதுதான் அங்கேயும் போகும்.

கடைசியாக, பழைய மினிட்ஸ். அதில் ஒரு எழுத்தும் சேர்க்கக் கூடாது. ஓர் உத்தரவு அதில் சொல்லப்பட்ட காரணங்களை வைத்தே நிற்க வேண்டும், பின்னால் புதுக் காரணம் கொண்டுவந்து முட்டுக்கொடுக்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அந்த நேரத்திலேயே உருவான தாள்களைத் தேடி எடுக்கலாம். உறுப்பினர்களின் தனி மதிப்பெண் தாள், டெண்டர் நகலில் பென்சிலால் போட்ட குறிப்பு, மாதிரி வேலை பார்த்த அன்று எடுத்த சோதனைத் தாள், விளக்கம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவை செல்லும். அவற்றை இணைத்து, இன்றைய தேதியிட்ட தனிப் பதிலாகத் தணிக்கைக்கு அனுப்புங்கள். எந்தத் தாள் அன்றைக்கு எழுதியது, எந்த வரி இப்போது நீங்கள் தரும் விளக்கம் என்று பதிலிலேயே பிரித்துச் சொல்லுங்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால், காரணம் பதிவாகவில்லை என்று ஒப்புக்கொண்டு, அடுத்த டெண்டரிலிருந்து தனி மதிப்பெண் தாளும் பக்க எண்ணோடு காரணமும் கட்டாயம் என்று உயர் அலுவலரிடம் ஒரு சுற்றறிக்கை வாங்கி, அதன் நகலையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.