பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீடு பதிலாகுமா?

*தருமபுரி மாவட்டத்தில் 12 ஊர்களில் 600 குடும்பங்களை ஆண்டுக்கொரு முறை சந்தித்துக் கடன், வருமான விவரங்களைக் கேட்டு வருகிறோம். முதல் சுற்றைச் செப்டம்பரில் முடித்தோம். நிதி வரத் தாமதமானதால் இரண்டாம் சுற்று மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அதில் 84 குடும்பங்கள் கிடைக்கவில்லை. பக்கத்து வீடுகளைச் சேர்த்து 600ஐ நிரப்பிவிடலாமா? "மொத்தக் கடன் எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாக இருப்பதை அடுத்த சுற்றில் வகைவாரியாகக் கேட்கலாமா?*

பக்கத்து வீட்டைச் சேர்க்காதீர்கள். நீங்கள் போன நேரத்தில் கதவைத் திறந்த வீடு என்பதாலேயே அது ஊரைவிட்டு வேலைக்குப் போகாத குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் பதிலாக அதை எழுதிக்கொண்டால், வெளியூர் போகிறவர்களின் கணக்கு மறைந்து, ஊரில் இருப்பவர்களின் கணக்கு அளவுக்கு மீறிக் கூடும். பட்டியலில் 600 இருப்பதால் இந்தக் குறை பிறகு யார் கண்ணிலும் படாது. ஊரின் இன்றைய நிலையைக் காட்டப் புதிய குடும்பங்கள் தேவையென்றால், ஊர் முழுவதையும் புதிதாகப் பட்டியலிட்டுக் குலுக்கல் முறையில் எடுங்கள். அவற்றுக்குத் தனிக் குறியீடு கொடுத்து, முதல் சுற்றுடன் ஒப்பிடும் கணக்கில் சேர்க்காமல் வையுங்கள்.

அதற்கு முன், 84 குடும்பங்களும் ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பிரித்து எழுத வேண்டும். பதில் சொல்ல மறுத்தவர்கள், நிரந்தரமாக இடம் மாறியவர்கள், சில மாதங்களுக்கு வேலைக்குப் போயிருப்பவர்கள், வீடே கலைந்துபோனவர்கள் என இவை வெவ்வேறு நிலைகள். "ஆள் இல்லை" என்ற ஒரே குறிப்பில் எல்லாம் கலந்துவிடும். நீங்கள் போன மாதமே இங்கு முதல் சந்தேகத்துக்குரியது. செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் கோடை முழுவதும் வெளியில்தான் இருக்கும். மழை தொடங்கிச் சூளை நின்ற பிறகே திரும்பும். ஆகவே ஜூலையில் இந்த 84 வீடுகளுக்கு மட்டும் ஒரு சுருக்கமான படிவத்துடன் மறுபடி செல்லுங்கள். அடுத்த சுற்றையும் பழையபடி செப்டம்பருக்கே கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் கடனில் தெரியும் ஏற்ற இறக்கம் ஆண்டினுடையதா, பருவத்தினுடையதா என்று பிரித்தறிய முடியாது.

ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும், குடும்பத்தினரின் தொலைபேசி எண்களோடு, ஊரிலேயே இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டும். குடும்பத் தலைவரின் எண் மாறிவிடும். அவருடைய மாமனார் வீட்டு எண் பெரும்பாலும் மாறாது. மகன் தனிக்குடித்தனம் போனால் அதை இழப்பாக எழுதாதீர்கள். வீட்டு எண்ணைவிட ஆளைப் பின்தொடர்வதே தொடர் ஆய்வின் அடிப்படை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968 முதல் நடத்திவரும் குடும்ப ஆய்வில், வீட்டைவிட்டுப் போன பிள்ளைகளும் தனிக் குடும்பங்களாகத் தொடர்ந்து சேர்க்கப்படுகிறார்கள். முதல் சுற்றில் இருந்த ஒவ்வொருவருக்கும் மாறாத அடையாள எண் ஒன்று இருந்தால், 137ஆம் குடும்பம் இரண்டாகப் பிரிந்த பிறகும் இரு கிளைகளையும் கணக்கில் வைத்திருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் கிடைக்காதவர்களுக்குத்தான் எடையிடுதல், அதாவது கிடைத்த குடும்பங்களைக் கிடைக்காதவற்றுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கணக்கிடுதல். அது எந்த அளவு உதவும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். 600 குடும்பங்களில் 360 நிலமுள்ளவை, 240 நிலமற்றவை என்று கொள்வோம். முதல் சுற்றில் நிலமுள்ளவர்களின் சராசரிக் கடன் ரூ.60,000, நிலமற்றவர்களுடையது ரூ.90,000, ஆக மொத்தச் சராசரி ரூ.72,000. இரண்டாம் சுற்றில் நிலமுள்ளவர்களில் 336 பேரும் நிலமற்றவர்களில் 180 பேரும் கிடைக்கிறார்கள். கிடைத்த 516 குடும்பங்களை மட்டும் எடுத்து, அவர்கள் *முதல் சுற்றில்* சொன்ன கடனின் சராசரியைப் போடுங்கள். கணக்கு சரியாக இருந்தால் அது 72,000க்கு அருகில் வர வேண்டும். வருவதோ சுமார் 67,000. யாருடைய கடனும் ஒரு ரூபாய்கூடக் குறையாமலேயே, ஆட்கள் விடுபட்டதால் மட்டும் 5,000 குறைந்திருக்கிறது.

நிலத்தை வைத்து எடையிட்டால், கிடைத்த ஒவ்வொரு நிலமற்ற குடும்பமும் 240ஐ 180ஆல் வகுத்த 1.33 குடும்பங்களுக்குச் சமமாகும். நிலமுள்ள குடும்பத்தின் எடை 1.07. இப்போது சராசரி 68,000 ஆகிறது. விட்டுப்போன 5,000இல் ஆயிரம்தான் திரும்பியது. காரணம், நிலமற்றவர்களுக்குள்ளேயே அதிகக் கடன் உள்ளவர்கள்தான் போயிருக்கிறார்கள். முதல் சுற்றில், சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியதாகச் சொன்ன 80 குடும்பங்களின் சராசரிக் கடன் 1,50,000. அவர்களில் 40 பேரே கிடைத்தார்கள். முன்பணம் வாங்காத 160 குடும்பங்களின் கடன் 60,000. அவர்களில் 140 பேர் கிடைத்தார்கள். முன்பணம் வாங்கியவர்களுக்கு 2, வாங்காத நிலமற்றவர்களுக்கு 1.14 என எடை கொடுத்தால் சராசரி மீண்டும் 72,000க்கு வந்துவிடும்.

ஆகவே எடைக்கான பிரிவுகளை வழக்கப்படி சாதி, நிலம், கல்வி என்று தேர்ந்தெடுத்தால் போதாது; ஊரைவிட்டுப் போக வைப்பது எது என்று கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கேள்வி முதல் சுற்றிலேயே இருந்திருக்கவும் வேண்டும். இதற்கும் எல்லை உண்டு. கிடைத்த அந்த 40 குடும்பங்கள், கிடைக்காத 40 பேரைப் போலவே இந்த ஆண்டும் இருக்கிறார்கள் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். சூளைக்குப் போனவரின் கடன் அங்கேயே கூடியிருந்தால் எந்த எடையும் அதைக் காட்டாது. அதனால்தான் ஜூலைப் பயணத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இனிக் கேள்வி மாற்றம். "மொத்தக் கடன் எவ்வளவு?" என்றால் மனத்தில் பெரிதாக நிற்கும் ஒன்றிரண்டு கடன்களைத்தான் சொல்வார்கள். மகளிர் குழு, நுண்கடன் நிறுவனம், நகைக்கடன், வட்டிக்காரர், மேஸ்திரி முன்பணம், மளிகைக் கடை பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் தொகை பொதுவாகக் கூடும். கேள்வியை மாற்றிய ஆண்டில் ஊரே கடனில் மூழ்கியதுபோல் தெரியும். அமெரிக்காவில் வேலையின்மையை அளக்கும் மாதாந்திரக் கணக்கெடுப்பின் கேள்விகளை 1994 ஜனவரியில் மாற்றியபோது, அதற்கு முன் 18 மாதங்கள் புதிய படிவத்தைத் தனி மாதிரி ஒன்றில் பழையதோடு இணையாக நடத்தினார்கள். உங்களுக்கு அந்த வசதி இருக்காது. சிறிய அளவில் அதையே செய்யலாம்.

வரும் செப்டம்பரில் குலுக்கலில் 100 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து அவர்களிடம் புதிய கேள்விகளை மட்டும் கேளுங்கள். மற்றவர்களிடம் பழைய கேள்வியை ஒரு சொல்லும் மாற்றாமல் முதலில் கேட்டு, அதன் பிறகு வகைவாரியாகக் கேளுங்கள். ஒரே குடும்பத்தின் இரு விடைகளுக்கும் உள்ள இடைவெளிதான் பழைய ஆண்டுகளையும் புதிய ஆண்டுகளையும் இணைக்கும் பாலம். அதை நிலமற்றவர்களுக்கும் நிலமுள்ளவர்களுக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். சில்லறைக் கடன்கள் பல வைத்திருப்பவரிடம் இடைவெளி பெரிதாக இருக்கும். முதலில் சொன்ன தொகையோடு பொருந்தும்படி பின்னதைச் சுருக்கிச் சொல்கிறார்களா என்பதை அந்த 100 குடும்பங்கள் காட்டும்: அவர்களுடைய வகைவாரிக் கூட்டுத்தொகை மற்றவர்களுடையதைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால், பாலம் உண்மையான இடைவெளியைக் குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். ஆனால் கடன் குடும்பத்துக்குக் குடும்பம் மிகவும் மாறுபடுவது. 100 குடும்பங்களில் சிறிய வேறுபாடு தெரிந்தால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

இரண்டு தொகையும் ஒத்துவரவில்லை என்று களப்பணியாளர் பதில் சொல்பவரிடம் கேட்டுத் திருத்தக் கூடாது. பயிற்சியின்போது இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நல்ல பணியாளர்தான் பொறுப்போடு இந்தத் தவற்றைச் செய்வார். தரவுக் கோப்பிலும் `debt_single`, `debt_items` என இரண்டு பத்திகள் தனித்தனியாகவே இருக்கட்டும். பாலத்தைக் கொண்டு சரிசெய்த தொகை மூன்றாவது பத்தியில் வரட்டும். பழைய விடையின் மேல் அதை எழுதிவிட்டால், பாலம் தவறென்று பின்னொரு நாள் தெரிந்தாலும் திரும்பிப் போக வழியிருக்காது.