பூஞ்சணம் பிடித்த கச்சானை வறுத்துச் சாப்பிடலாமா?

"ஊரிலிருந்து வந்த உடைத்த கச்சான், வெள்ளவத்தை வீட்டில் பொலித்தீன் பையில் கட்டித் தரையில் வைத்திருந்தோம். சிலதில் பச்சையாகத் தூள் படிந்திருக்கு. கழுவி வறுத்தால் சரியா?"

சரிவராது, முழுப் பையையும் எறிந்துவிடுங்கள். அந்தப் பச்சைத் தூள் பெரும்பாலும் அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணம்தான். வறுத்தால் பூஞ்சணம் சாகும், ஆனால் அது விட்டுப்போன அஃப்லடொக்சின் என்ற நஞ்சு வீட்டுச் சட்டிச் சூட்டில் முழுக்க அழியாது, கழுவினாலும் போகாது, பருப்புக்குள் ஊறியிருக்கும். பச்சை தெரியாத பருப்பிலும் இருக்கலாம் என்பதால் பொறுக்கி எடுத்து மிச்சத்தைச் சாப்பிடுவதும் நம்பகமில்லை. கோழிக்கும் போடவேண்டாம், அதன் ஈரலையும் அந்த நஞ்சு கெடுக்கும்.

ஏன் வந்தது? கச்சானில் ஈரம் 7 சதவீதத்துக்குள் இருந்தால் இந்தப் பூஞ்சணம் வளராது. கொழும்புக் காற்றின் ஈரப்பதன் அடிக்கடி 80 சதவீதத்தைத் தாண்டும். அந்தக் காற்றில் திறந்து கிடக்கும் கச்சான் ஈரத்தை உறிஞ்சி அந்த எல்லையைக் கடந்துவிடும், அப்புறம் 30 பாகைச் சூடும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். அரைகுறையாகக் காய்ந்ததைப் பொலித்தீனில் கட்டினால் இன்னும் மோசம், இரவில் குளிரும்போது உள்ளேயே வியர்க்கும்.

அடுத்த முறை கோதோடு கேளுங்கள், கோது உடையாத கச்சானுக்குள் பூஞ்சணம் இலகுவில் போகாது. குலுக்கினால் உள்ளே கலகலக்க வேண்டும். உடைத்ததும் சுருங்கியது, நிறம் மாறியது எல்லாம் கழித்து, காற்றுப்புகாப் போத்தலில் போட்டு ஃபிரிஜ்ஜில் வையுங்கள்.