1.96-ஆ, 2.131-ஆ?

"என் செவிலியர் ஆய்வுக்காக, ஏழு மாதம் முடிந்த 16 கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபின் அளவுச் சுருக்கத்தை லேப்பில் இருந்து போட்டோ எடுத்து அனுப்பினார்கள். n = 16, சராசரி 10.4, σ = 1.2 என்று இருக்கிறது. 95 சதவீத நம்பிக்கை இடைவெளிக்கு 1.96 போடுவதா, t அட்டவணை பார்ப்பதா? விடையை எப்படி எழுதுவது?"

t அட்டவணைதான் பார்க்க வேண்டும். எடுக்க வேண்டிய எண் 2.131.

முதலில் 1.2-ஐ 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுங்கள். 0.3 வரும். இதுதான் சராசரியின் திட்டப் பிழை. இதை 2.131-ஆல் பெருக்கினால் 0.64. சராசரியில் இருந்து அதைக் கழித்தால் 9.76, கூட்டினால் 11.04.

```
10.4 ± 2.131 × (1.2 / √16) = 9.76, 11.04
```

இதையே 1.96 போட்டுச் செய்தால் 9.81 முதல் 10.99 வரை வரும். சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 1.96 போட்டால் இடைவெளி முழுவதும் 11-க்குக் கீழே நின்று, "சராசரியே ரத்தசோகை நிலையில்தான் இருக்கிறது" என்று எழுத வைக்கும். 2.131 போட்டால் 11 உள்ளே வந்துவிடும்; அப்படி அடித்துச் சொல்ல முடியாது.

அட்டவணையில் கை தவறும் இடங்கள் இரண்டு. 16 பேர் என்பதால் 16-ஆம் வரிசையைப் பார்க்கக் கூடாது; ஒன்று குறைத்து df 15 வரிசையைப் பாருங்கள். அடுத்தது, மேலே 0.05 என்று இருப்பதைப் பார்த்ததும் அந்தப் பத்தியில் இறங்கிவிடாதீர்கள். அது ஒருபக்கத்துக்கான பத்தியாக இருந்தால் 1.753 கிடைக்கும், அது 90 சதவீத இடைவெளிக்கான எண். ஒருபக்கம் 0.025, அல்லது இருபக்கம் 0.05 என்ற பத்திதான் உங்களுக்கு வேண்டியது. கண்ணில் பட்டது 2.131-ஆ என்று பார்த்தால் போதும்.

பணம் வாங்கிக்கொண்டு 'ப்ராஜெக்ட்' கணக்குப் போட்டுத்தரும் சென்டர்களிடம் இதைக் கொடுக்காதீர்கள். ஒரே 1.96-ஐ எல்லா ஆய்வேட்டுக்கும் போட்டுவிடுவார்கள். வாய்மொழித் தேர்வுக்குப் போன இடத்தில், 12 பேரை வைத்து 1.96 போட்ட ஆய்வேட்டைப் பார்த்திருக்கிறேன். நெறியாளரும் கையெழுத்துப் போட்டிருந்தார், குழுவும் ஏற்றிருந்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மாணவியிடம் யாருமே அதுவரை கேட்கவில்லை. பக்க எல்லைக்கோடு சரியாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். இதைப் பார்க்க ஆளில்லை.

சரி, 1.96 போடவே கூடாதா? போடும் இடம் ஒன்று உண்டு. உங்கள் போட்டோவில் அந்த σ இருப்பதால் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். மொத்த மக்கள்தொகையின் திட்ட விலக்கம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், 16 பேராக இருந்தாலும் 1.96 போடலாம். தேர்வுத்தாள் கணக்கில் "σ தெரியும்" என்று கொடுப்பார்கள். உங்களுக்கு வந்த 1.2 அப்படி வந்ததா? இல்லை, அந்த 16 பேரின் அளவுகளில் இருந்தே கணக்கிட்டிருப்பார்கள். பழைய சயின்டிஃபிக் கால்குலேட்டர்களில் மாதிரியின் திட்ட விலக்கத்துக்கான பொத்தானிலேயே xσn-1 என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து σ என்று எழுதிவிடுவது வழக்கம். எழுத்தைப் பார்க்காதீர்கள், எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 16 பேரிடம் இருந்தே வந்தது என்றால் அது s, t அட்டவணைதான். லேப்பில் கேட்கும்போது xσn-1 பொத்தானா, xσn பொத்தானா என்றும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது என்றால் 1.2 கொஞ்சம் கூடும், கணக்கை மறுபடி போட வேண்டும்.

அந்த 1.2 ஒருவேளை திட்டப் பிழையோ என்ற சந்தேகமும் வரலாம். அப்படியானால் திட்ட விலக்கம் 4.8 ஆகும், சிலருக்கு ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு கிராம் என்று இருந்தாக வேண்டும். நடக்காத காரியம். ஆக, 1.2 திட்ட விலக்கம்தான்.

அப்புறம் வார்த்தைகள். "95 சதவீதப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 9.76 முதல் 11.04 வரை" என்று எழுதினால் தப்பு. தனித்தனிப் பெண்களின் அளவு ஏறத்தாழ 8 முதல் 12.8 வரை பரவியிருக்கும். இடைவெளி பேசுவது சராசரியைப் பற்றி மட்டும். இதேபோல் 16 பேரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து இடைவெளி போட்டால், 100-க்கு 95 தடவை போல உண்மையான சராசரி உள்ளே சிக்கும் என்பதே அந்த 95-இன் பொருள்.

உங்கள் ஆய்வேட்டில் இப்படி எழுதுங்கள்: "இந்தக் கர்ப்பிணிகள் எந்தக் கூட்டத்தில் இருந்து எடுக்கப்பட்டார்களோ, அந்தக் கூட்டத்தின் சராசரி ஹீமோகுளோபின் 9.76-க்கும் 11.04-க்கும் இடையில் இருக்கும் என 95 சதவீத நம்பிக்கையுடன் மதிப்பிடுகிறோம். 11 இந்த இடைவெளிக்குள் இருப்பதால், சராசரி அதற்குக் கீழே என உறுதியாகக் கூற இயலாது."